தேவை 3, ஆர்டர் 120: குறைந்தபட்ச ஆர்டர் அளவும் பெட்டி மடங்கும் ரீஆர்டர் கணக்கை எப்படிக் கோணலாக்குகின்றன

உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஒரு ரப்பர் ஆயில் சீல். வாரத்துக்குச் சராசரியாக 14 போகிறது. வாரத்துக்கு வாரம் ஏற்ற இறக்கம் உண்டு. திட்ட விலக்கம் 6. ஆர்டர் போட்டால் சரக்கு வந்து சேர 3 வாரம். திங்கள்கிழமைதோறும் இருப்பைப் பார்த்து ஆர்டர் போடும் வழக்கம். இந்த ஆய்வு முழுக்க இந்த ஒரு பொருளைச் சுற்றித்தான் போகிறது. வேறு இரண்டு மூன்று பொருள்கள் ஒப்பிடுவதற்காக மட்டும் இடையில் வரும்.

பாடப்புத்தகக் கணக்கு எளிது. இன்று பார்த்து விட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு 7 நாள் கழித்துத்தான். அன்று போடுவது வர மேலும் 3 வாரம். ஆகவே கையில் இருப்பதும் வழியில் இருப்பதும் சேர்ந்து 4 வாரத்தைத் தாங்க வேண்டும். 4 வாரத் தேவை 56. நான்கு வாரத்துக்கான திட்ட விலக்கம் 6-ஐ 4-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 12. நூற்றுக்கு 95 முறை தட்டுப்பாடு வராமல் இருக்க 1.65 மடங்கு, அதாவது 20, பாதுகாப்பு இருப்பு. இலக்கு 76. ஒவ்வொரு திங்களும் 76-இலிருந்து மொத்த நிலையைக் கழித்தால் வருவது ஆர்டர். மொத்த நிலை என்றால் கையிருப்பு, அதோடு வர வேண்டியது, அதிலிருந்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கப் பாக்கி இருப்பதைக் கழித்தது.

சப்ளையர் எவ்வளவு கேட்டாலும் அனுப்புவார் என்றால் இந்தக் கணக்கில் குறையே இல்லை. வாரம் 14 போகும், வாரம் 14 ஆர்டர் ஆகும். சரக்கு வருவதற்குச் சற்று முன் சராசரியாக 20 மிச்சம் இருக்கும், வந்தபின் 34. சராசரி கையிருப்பு 27, ஏறக்குறைய இரண்டு வாரச் சரக்கு.

ஆனால் சப்ளையரின் விலைப்பட்டியலில் இரண்டு வரி இருக்கிறது: குறைந்தபட்ச ஆர்டர் 100, பெட்டிக்கு 24.

முதலில் அந்த இரண்டு வரிக்கு என்ன பொருள்

இது அற்பமாகத் தோன்றும், ஆனால் தவறு முதலில் நுழைவது இங்கேதான். 100 என்பது 24-இன் மடங்கு அல்ல. பெட்டியைப் பிரிக்காத சப்ளையரிடம் 100 வாங்கவே முடியாது. 4 பெட்டி 96, அது குறைந்தபட்சத்துக்குக் கீழே. 5 பெட்டி 120. ஆக, உண்மையான குறைந்தபட்சம் 120. விலைப்பட்டியலில் உள்ள 100 யாராலும் எப்போதும் வாங்கப்படாத எண்.

வேறு சில சப்ளையர்களிடம் இதே இரண்டு வரிக்கு வேறு பொருள். முதல் 100 கட்டாயம், அதற்கு மேல் 24 24-ஆகக் கூட்டலாம் என்பார்கள். அப்போது 100, 124, 148 என்று போகும். 130 தேவைப்பட்டால் முதல் விளக்கப்படி 144, இரண்டாவதன்படி 148. கணினியில் தவறான விளக்கத்தைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு ஆர்டரையும் சப்ளையர் தரப்பில் திருத்தி உறுதிப்படுத்துவார்கள். வர வேண்டியது என்று கணினியில் இருக்கும் எண்ணும் உண்மையில் வருவதும் நான்கைந்து எண்ணால் பொருந்தாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆர்டர் உறுதிச்சீட்டில் அளவு அடிக்கடி மாறி வருகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'நான் அனுப்பச் சொல்லக்கூடிய முதல் மூன்று அளவுகள் எவை?'

மூன்றாவது ஒரு குழப்பம், 100 என்பது ஒரு பொருளுக்கா, முழு ஆர்டருக்கா என்பது. இந்த ஆய்வில் பொருளுக்கு என்றே கொள்வோம். முழு ஆர்டருக்கு என்றால் கணக்கு வேறு. அதைக் கீழே சுருக்கமாகத் தொடுவோம்.

பழைய கணக்கோடு புதிய நிபந்தனை சேரும்போது

பெரும்பாலான கிடங்குகள் செய்வது இதுதான்: பழைய சூத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் வரும் எண்ணை மட்டும் 120-க்கு உயர்த்திவிடுவார்கள். என்ன நடக்கிறது என்று வாரம் வாரமாகப் பார்க்கலாம்.

ஒரு திங்கள். மொத்த நிலை 75. இலக்கு 76. தேவை 1. ஆர்டர் 120. மொத்த நிலை 195 ஆகிறது. அடுத்தடுத்த வாரங்களில் 11, 18, 9, 15, 22, 8, 14, 13 என்று போகிறது. திங்கள்தோறும் மொத்த நிலை 184, 166, 157, 142, 120, 112, 98, 85. எட்டு வாரமும் ஆர்டர் இல்லை. ஒன்பதாவது வாரம் 12 போய், நிலை 73. தேவை 3. மறுபடியும் 120.

இதில் கவனிக்க வேண்டியது 120 என்ற பெரிய எண்ணை அல்ல. 1 வேண்டியபோதும் 3 வேண்டியபோதும் அதே 120 போனது என்பதைத்தான். சூத்திரம் கணக்கிடும் அளவுக்கு இனி எந்த வேலையும் இல்லை. அது 1 என்றாலும் 14 என்றாலும் முடிவு ஒன்றே. சூத்திரம் இப்போது ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்கிறது: இன்று ஆர்டரா, இல்லையா? 76 என்ற எண் 'எதுவரை நிரப்புவது' என்ற வேலைக்காகக் கணக்கிடப்பட்டது. இப்போது யாரும் சொல்லாமலேயே அது 'எப்போது வாங்குவது' என்ற வேலைக்கு மாறிவிட்டது. அந்த வேலைக்கு 76 சரியான எண்ணா என்று யாரும் கணக்குப் போடவில்லை.

கிடங்கில் இந்தக் கோணல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி எளிது. ஒரு பொருளின் கடைசி பத்துப் பன்னிரண்டு ஆர்டர்களை எடுங்கள். சூத்திரம் கேட்ட அளவை ஒரு பத்தியிலும் உண்மையில் போன அளவை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். இரண்டாவது பத்தியில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், அளவை முடிவு செய்வது சப்ளையர். அந்தப் பொருளுக்குத் தேவைக் கணிப்பை மேலும் மேலும் நுணுக்கமாக்கினால் ஆர்டர் அளவு மாறப்போவதில்லை. ஆர்டர் போகும் நாள்தான் மாறும்.

பாதுகாப்பு இருப்பு ஏன் குறையலாம்

இதுதான் இந்த ஆய்வின் நடுப்புள்ளி. பலருக்கு முதலில் நம்ப முடியாது.

தட்டுப்பாடு எல்லா நேரத்திலும் வந்துவிடாது. ஆர்டர் போட்டு, சரக்கு வருவதற்கு முந்தைய நாள்களில்தான் கையிருப்பு அடிமட்டத்தில் இருக்கும். ஆபத்து அந்த நாள்களில்தான். வாரம் ஒரு ஆர்டர் என்றால் ஆண்டுக்கு 52 ஆபத்து நேரம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 5 தவறும் என்றால் ஆண்டுக்கு 2.6 தட்டுப்பாடு. ஆண்டுக்கு 728 சீல் போகிறது. 120 120-ஆக வாங்கினால் ஆண்டுக்கு 6 ஆர்டர்தான். அதே நூற்றுக்கு 5 என்றால் ஆண்டுக்கு 0.3 தட்டுப்பாடு, அதாவது மூன்று ஆண்டுக்கு ஒன்று. யாரும் கேட்காத, யாரும் முடிவு செய்யாத ஒரு சேவைத்தரம் இது. அதற்கும் சேர்த்துக் கிடங்கு பணத்தைக் கட்டிவைத்திருக்கிறது.

சரியாகக் கேட்க வேண்டியது, வாடிக்கையாளர் கேட்ட சீல்களில் எத்தனை விழுக்காடு கையிருப்பிலிருந்து உடனே கொடுக்க முடியவில்லை என்பதைத்தான். இதற்கு ஒரு சுற்றில் சராசரியாக எத்தனை எண் குறையும் என்று தெரிய வேண்டும். இயல்நிலைப் பரவலை வைத்துக்கொண்டால் எக்செலில் இப்படிக் கிடைக்கும். இதில் `A2` பாதுகாப்பு மடங்கு, `B2` திட்ட விலக்கம்:

```
=B2*(NORM.S.DIST(A2,FALSE)-A2*(1-NORM.S.DIST(A2,TRUE)))
```

மடங்கு 1.65, விலக்கம் 12 என்று போட்டால் 0.25 எண். வாரம் 14 வாங்கும் பழைய முறையில் 14-க்கு 0.25 குறைகிறது, அதாவது 1.8 விழுக்காடு. 98.2 விழுக்காடு உடனே கிடைக்கிறது. இதைத்தான் கிடங்கு போதும் என்று ஏற்றுக்கொண்டிருந்தது.

அதே 1.8 விழுக்காட்டை 120 எண் கொண்ட சுற்றுக்குப் போட்டால், ஒரு சுற்றில் 2.1 எண் குறையலாம். சூத்திரத்தில் மடங்கை மாற்றிப் பார்த்தால் 0.56-இல் 2.1 வருகிறது. பாதுகாப்பு இருப்பு 12 பெருக்கல் 0.56, சுமார் 7. பழையது 20.

இனி வாங்க வேண்டிய நிலை, அதாவது ரீஆர்டர் லெவல். சரக்கு வந்து சேரும் 3 வாரத்துக்கு, அதாவது லீட் டைமுக்கு, 42. அதோடு ஒரு சிறு தொகை: திங்கள்தோறும் மட்டுமே பார்ப்பதால், பார்க்கும்போது நிலை ஏற்கெனவே எல்லைக்குக் கீழே இறங்கியிருக்கும். சராசரியாக எவ்வளவு இறங்கியிருக்கும் என்பது வாரத் தேவையின் வர்க்கச் சராசரியை அதன் சராசரியின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். இங்கே 232-ஐ 28-ஆல் வகுக்க 8. (அரை வாரத் தேவை 7 என்று எடுத்துக்கொண்டாலும் பெரிய பிழை இல்லை.) ஆக 42, 8, 7, மொத்தம் 57. இந்தச் சரிவும் நிலையாக இராமல் கூடிக் குறையும். மூன்று வாரத் தேவையின் ஏற்ற இறக்கத்தோடு அதையும் சேர்த்தால் திட்ட விலக்கம் 11.9 வருகிறது. அதனால்தான் 12-ஐயே வைத்துக்கொண்டோம்.

விளைவு கையிருப்பில் தெரியும். 76-ஐ எல்லையாக வைத்தபோது சரக்கு வருமுன் மிச்சம் சராசரி 26. அதோடு 120-இல் பாதி 60. சராசரி கையிருப்பு 86. எல்லை 57 என்றால் 7 கூட்டல் 60, 67. அதே 98.2 விழுக்காட்டுச் சேவை, 19 எண் குறைவு. சப்ளையரிடம் ஒரு வார்த்தை பேசாமல், ஒரே ஓர் எண்ணை மாற்றியதில் கிடைத்தது இது.

எங்கே இதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய எல்லையில் நூற்றுக்கு 29 சுற்றில் சிறிதாவது தட்டுப்பாடு வரும், ஆண்டுக்கு 1.75 முறை. பழைய வாராந்திர முறையின் 2.6-ஐவிடக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் ஆழமானது, 5 எண்ணுக்குப் பதில் 7 எண் குறையும். அந்த சீல் இல்லாமல் ஓர் எந்திரமே நின்றுபோகும் என்றால் விழுக்காட்டுக் கணக்குக்கு இடமில்லை. அங்கே எத்தனை முறை தட்டுப்பாடு வரலாம் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். அடுத்தது லீட் டைம். மூன்று வாரம் என்பது உண்மையில் இரண்டும் நான்குமாக ஆடுகிறது, திட்ட விலக்கம் ஒரு வாரம் என்றால், திட்ட விலக்கம் 12-இலிருந்து 18-ஐ எட்டும். பாதுகாப்பு இருப்பு 15, எல்லை 65. சப்ளையரின் வருகைத் தேதிகளை எடுத்துப் பார்க்காமல் 57-க்கு இறக்குவது அவசரம்.

உச்ச அளவு என்னும் பொறி

பல மென்பொருள்களில் ஒரு பொருளுக்குக் கீழெல்லை, மேலெல்லை, மடங்கு என்று மூன்று இடம் இருக்கும். நிலை கீழெல்லையைத் தொட்டால் மேலெல்லை வரை நிரப்பும். மடங்குக்கு ஏற்ப முழுமையாக்கும். மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். மேலெல்லையைத் தாண்டக் கூடாது என்று கீழ்நோக்கி முழுமையாக்குபவையும் உண்டு.

நம் சீலுக்குக் கீழெல்லை 57, மேலெல்லை 76, மடங்கு 120 என்று போட்டிருக்கிறார்கள் என்று கொள்வோம். நிலை 50. தேவை 26. கீழ்நோக்கி முழுமையாக்கினால் 0. நிலை 30-க்கு இறங்கினாலும் தேவை 46, ஆர்டர் 0. தேவை 120-ஐ எட்ட நிலை 44 கழித்தலுக்குப் போக வேண்டும். அதாவது 44 சீல் வாடிக்கையாளருக்குப் பாக்கி வைத்த பிறகுதான் முதல் ஆர்டர். எச்சரிக்கைப் பட்டியலில் பொருள் வந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் ஆர்டர் அளவு 0 என்று இருக்கும். இதைப் பார்த்தவர்கள் மென்பொருளில் கோளாறு என்பார்கள். மென்பொருள் சொன்னதைத்தான் செய்தது. மேலெல்லை குறைந்தபட்சம் கீழெல்லை கூட்டல் ஒரு மடங்காக இருக்க வேண்டும், இங்கே 177.

இதற்கு எதிரான தவறும் நடக்கும். மேலெல்லை 76-ஆகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு மேல்நோக்கி முழுமையாக்கினால், ஆர்டர் ஒழுங்காகப் போகும். ஆனால் மிகையிருப்பு அறிக்கையில் இந்தப் பொருள் ஓயாமல் சிவப்பாக நிற்கும். மேலாளர் 'நாலு வாரச் சரக்குக்கு மேல் கூடாது' என்று இலக்கு வைத்திருந்தால் இன்னும் வேடிக்கை. 120-இல் பாதியே 60. 14-ஆல் வகுத்தால் 4.3 வாரம். பாதுகாப்பு இருப்பைச் சுழியமாக்கினாலும் அந்த இலக்கை எட்ட முடியாது. எட்ட முடியாத இலக்கைத் துரத்துபவர் கடைசியில் கை வைப்பது பாதுகாப்பு இருப்பில்தான், ஏனென்றால் அவர் கையில் இருப்பது அது ஒன்றுதான். இருப்பு இலக்கை வைக்கும்போதே, ஆர்டர் அளவில் பாதி எத்தனை வாரம் என்பதைப் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது.

தாளில் கணக்குப் போடுபவர்களுக்கு, இரண்டு வேலைகளையும் பிரித்து வைக்கும் ஒரு வரி:

```
=IF(B2>C2, 0, CEILING(MAX(D2-B2, E2), F2))
```

`B2` மொத்த நிலை, `C2` ரீஆர்டர் லெவல், `D2` நிரப்பும் இலக்கு, `E2` குறைந்தபட்சம், `F2` பெட்டி. நம் எண்களைப் போட்டால் நிலை 58-இல் 0, நிலை 50-இல் 120. இலக்கு 76 இங்கே அநேகமாகச் செயல்படவே செயல்படாது. பெரிய மொத்த ஆர்டர் ஒன்று வந்து நிலை கழித்தலுக்குப் போகும் நாளில் மட்டும் உதவும். உதாரணமாக நிலை 54 கழித்தல் என்றால் தேவை 130, விடை 144. அன்று 120 போட்டாலும் கெட்டுப்போகாது: நிலை 66-க்கு வரும், எல்லை 57-க்கு மேலே. இலக்கைவிட 10 குறைவு என்றால் அடுத்த ஆர்டர் சில நாள் முன்னதாகப் போகும், அவ்வளவுதான். ஆர்டருக்குப் பின் நிலை ரீஆர்டர் லெவலுக்கு மேல் இருக்கும்வரை கீழ்நோக்கி முழுமையாக்குவதில் ஆபத்து இல்லை. 'எப்போதும் மேல்நோக்கியே' என்ற வழக்கம் பாதுகாப்புக்காக என்று சொல்லப்படுவது. பாதுகாப்பு அங்கே இல்லை, எல்லையில் இருக்கிறது.

120 அதிகமா?

இது பொருளைப் பொறுத்தது. அளவிட ஒரு அளவுகோல் இருக்கிறது: சப்ளையர் நிபந்தனையே இல்லாவிட்டால் நாமாகவே எவ்வளவு வாங்கியிருப்போம்? சிக்கன ஆர்டர் அளவுச் சூத்திரம் அதைச் சொல்லும். ஆண்டுத் தேவையையும் ஓர் ஆர்டருக்கான செலவையும் பெருக்கி, இரட்டித்து, ஓர் எண்ணை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண்பது. பணத்தில் போடாமல் பொருளின் விலையையே அலகாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டர் போட்டு, இறக்கி, சரிபார்த்து அடுக்க ஆகும் செலவு 2 சீலின் விலை. ஓராண்டு வைத்திருக்கும் செலவு விலையில் 20 விழுக்காடு.

வாரம் 14, ஆண்டுக்கு 728 போகும் நம் சீலுக்கு விடை 121. சப்ளையர் கேட்பது 120. இங்கே சப்ளையரின் நிபந்தனை நமக்குத் தீமை எதுவும் செய்யவில்லை. வாரம் வாரம் 14 வாங்கிக்கொண்டிருந்ததுதான் வீண்செலவு.

வாரம் 3 மட்டும் போகும் இன்னொரு சீலுக்கு, ஆண்டுத் தேவை 156. சிக்கன அளவு 56. 120 அதைப்போல் 2.1 மடங்கு. இந்தச் சூத்திரத்தின் செலவுக்கோடு அடியில் தட்டையானது. இரு மடங்கு வாங்கினாலும் செலவு 25 விழுக்காடுதான் கூடும். இங்கே 31 விழுக்காடு கூடுகிறது. எண்ணாகச் சொன்னால் ஆண்டுக்கு 3.4 சீலின் விலை; வாங்கும் 156-இல் 2.2 விழுக்காடு. குறைந்த அளவில் தருகிறேன், விலை 2 விழுக்காடு கூட என்று சப்ளையர் சொன்னால் ஏற்கலாம். 5 என்றால் 120-ஐயே வாங்கலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒன்று போகும் மூன்றாவது சீலுக்கு, ஆண்டுத் தேவை 26. சிக்கன அளவு 23. 120 அதன் ஐந்து மடங்கு, 4.6 ஆண்டுச் சரக்கு. செலவு 2.7 மடங்கு. வாங்கும் விலையில் 30 விழுக்காடு வரை கூடக் கொடுத்து 24 வாங்குவதே மலிவு. இந்தக் கணக்கில், ரப்பர் அலமாரியிலேயே இறுகிப்போவதோ, அந்த எந்திர மாடல் வழக்கொழிவதோ சேரவில்லை. நாலரை ஆண்டில் இரண்டில் ஒன்று நடப்பதற்கே வாய்ப்பு அதிகம். இத்தகைய பொருளுக்கு எல்லை, இலக்கு எதுவும் கணக்கிட வேண்டியதில்லை. வேறு விநியோகஸ்தரிடம் சில்லறையாக வாங்குவதா, வாடிக்கையாளர் கேட்டபின் வாங்கித் தருவதா, விற்பதையே விடுவதா என்ற முடிவுதான் வேண்டும். ஒரே பட்டியலில், ஒரே 120, மூன்று பொருளுக்கு மூன்று விதம். பொருள் பட்டியல் முழுவதற்கும் குறைந்தபட்சத்தை வாரத் தேவையால் வகுத்து வரிசைப்படுத்தினால், பேச வேண்டிய பொருள்கள் பட்டியலின் தலையில் வந்து நிற்கும்.

குறைந்தபட்சம் முழு ஆர்டருக்கு என்றால், ஒரு பொருள் எல்லையைத் தொட்டதும் மீதியை எதை வைத்து நிரப்புவது என்பதே கேள்வி. எல்லையைத் தொட்ட அந்தப் பொருளையே மலையாகக் குவிப்பதும், எல்லாப் பொருளிலும் ஆளுக்கு ஒரு பெட்டி என்று பங்கிடுவதும் வழக்கமான இரண்டு தவறுகள். எல்லாப் பொருளும் ஒரே வாரத்தில் தீரும்படி நிரப்பினால் அடுத்த ஆர்டரும் சேர்ந்தே போகும். எவற்றின் இருப்பு குறைவான வாரங்களுக்கே தாங்குமோ அவற்றில் பெட்டியைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் முறை.

கிளைகள் பெட்டியாக வாங்கும்போது

இதுவரை சப்ளையர் விதித்த மடங்கு. நாமே நமக்கு விதித்துக்கொள்ளும் மடங்கு இன்னும் கூடுதலாக ஏமாற்றும்.

மத்திய கிடங்கிலிருந்து நான்கு கிளைகள் ஒரு பொருளை எடுக்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் வாரம் 3 விற்கிறது. விற்பனை ஆங்காங்கே ஒன்றிரண்டாகப் போவதால் திட்ட விலக்கம் சுமார் 1.7. நான்கு கிளைக்கும் சேர்த்து வாரம் 12, விலக்கம் 3.5. ஆனால் கிளைகள் 24 கொண்ட முழுப் பெட்டியாகத்தான் எடுக்க வேண்டும் என்பது கிடங்கின் விதி. ஒவ்வொரு கிளையும் எட்டு வாரத்துக்கு ஒரு முறை 24 கேட்கும், மற்ற ஏழு வாரம் 0. மத்திய கிடங்கின் பதிவேட்டில் இந்த வாரம் 48, அடுத்த வாரம் 0, பின் 24, பின் 0 என்று தெரியும். இந்தப் பதிவேட்டிலிருந்து விலக்கம் கண்டால் வாரத்துக்கு 15.9. சந்தையில் இருப்பதைப்போல் நாலரை மடங்கு ஏற்ற இறக்கம், பெட்டியால் மட்டும் பிறந்தது.

இதோடு வர்க்கமூல விதியைச் சேர்த்தால் பிழை மேலும் கூடும். 4 வாரத்துக்கு 15.9-ஐ 2-ஆல் பெருக்கி 32 என்பார்கள், 1.65 மடங்கில் பாதுகாப்பு இருப்பு 52. ஆனால் வர்க்கமூல விதி ஒரு வாரம் மறுவாரத்தைச் சாராதபோதுதான் செல்லும். போன வாரம் 24 எடுத்த கிளை இந்த வாரம் மறுபடி எடுக்காது. எந்த நான்கு வாரத்தை எடுத்தாலும் ஒரு கிளை ஒரு பெட்டி எடுத்திருக்கும் அல்லது எடுத்திருக்காது. இரண்டும் சம வாய்ப்பு. அதன் விலக்கம் 12. நான்கு கிளைக்கும் 24. பாதுகாப்பு இருப்பு 40 போதும். வார விலக்கத்தைப் பெருக்காமல், பதிவேட்டில் நான்கு நான்கு வாரமாகக் கூட்டி நேரடியாக விலக்கம் கண்டால் இந்த 24 தானாகவே வரும்.

விற்பனையை மட்டும் பார்த்தால் 11 போதும் என்று தோன்றும். அதற்கு இறங்கிவிட முடியாது. இரண்டு கிளை ஒரே வாரத்தில் பெட்டி கேட்டால் 48 கொடுத்தாக வேண்டும். கிளைகளின் கையிருப்பு மத்திய கிடங்குக்குத் தெரிந்தால் மட்டுமே 40-இலிருந்து 11-ஐ நோக்கி நகரலாம், ஏனென்றால் எந்தக் கிளை எப்போது கேட்கும் என்பது அப்போது முன்கூட்டியே தெரியும். அல்லது பெட்டியைப் பிரித்து 6 6-ஆகக் கொடுக்கலாம். அதற்கு எண்ணி எடுக்கும் கூலி கூடும். பொருள் விலை கூடியதாக இருந்தால் கூலி தோற்கும்.

நிபந்தனை மாறினால்

கடைசியாக, பலரும் தலைகீழாகச் செய்யும் ஒன்று. முதல் சீலுக்குச் சப்ளையர் குறைந்தபட்சத்தை 48-ஆகக் குறைக்கிறார் என்று கொள்வோம். ஆர்டர் சிறிதானதால் எல்லையையும் குறைக்கலாம் என்று கை போகும். உண்மையில் ஏற்ற வேண்டும். சுற்று சிறிதானதால் ஆபத்து நேரங்கள் ஆண்டுக்கு 6-இலிருந்து 15 ஆகின்றன. அதே 1.8 விழுக்காட்டில் ஒரு சுற்றில் குறையத்தக்கது 0.85 எண், மடங்கு 1.07; பாதுகாப்பு இருப்பு 13; எல்லை 57-இலிருந்து 63. எல்லையை ஏற்றியும் சராசரி கையிருப்பு 67-இலிருந்து 37-க்கு இறங்கும். பாதுகாப்பு இருப்பில் கூடியது 6, ஆர்டர் அளவின் பாதியில் குறைந்தது 36. எல்லையை ஏற்றாமல் விட்டால் கையிருப்பு 31-ஆக இன்னும் அழகாகத் தெரியும். சில மாதம் கழித்துத் தட்டுப்பாடு கூடியிருக்கிறது என்று புகார் வரும்போது, குறைந்தபட்ச அளவு மாறிய தேதியை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். ஆகவே பொருள் பதிவில் குறைந்தபட்சத்தையோ மடங்கையோ திருத்தும் அதே நாளில் ரீஆர்டர் லெவலையும் திறந்து கணக்கிட வேண்டும்.